விற்பனைக் கிரயத்தைச் சோதித்தல்

கடையில் ஒவ்வொரு விற்பனையும் பில்லில் விழுகிறது. ஆனால் விற்ற பொருளின் கிரயம் அந்த நேரத்தில் எங்கும் எழுதப்படுவதில்லை. வருட முடிவில் கணக்கர் அதை நான்கு தொகைகளிலிருந்து வருவிக்கிறார். ஆரம்ப இருப்போடு கொள்வனவைக் கூட்டி, பொருளைக் கடைக்குக் கொண்டுவந்த காவு கூலியையும் சேர்த்து, எண்ணி மதிப்பிட்ட இறுதி இருப்பைக் கழித்தால் வருவதே விற்பனைக் கிரயம்.

ஆகவே அது ஒரு மிச்சத் தொகை. மார்ச் 31 ஆம் திகதி எண்ணிக்கையில் அகப்படாத எல்லாமே விற்றதாகிவிடும். வீட்டுக்கு எடுத்துச் சென்ற சீனி, மழையில் நனைந்த மா, இன்னும் லொறியில் இருக்கும் பருப்பு மூன்றும் விற்பனைக் கிரயத்துக்குள் ஓசையின்றிப் போய்விடுகின்றன. கூட்டல் கழித்தலில் பிழை இல்லாத கணக்கும் இதனால் தவறாக இருக்கலாம். தொகை எந்தெந்தத் துண்டுகளால் ஆனது, ஒவ்வொரு துண்டுக்கும் வேறு சான்று உண்டா என்று பார்ப்பதே சோதனை.

குடாநாட்டுக் கடைகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. வரி ஆண்டு மார்ச் 31 இல் முடிகிறது, சித்திரைப் புத்தாண்டு இரண்டு வாரத்தில் வந்துவிடுகிறது. கொழும்பு புறக்கோட்டையிலிருந்து ஏ9 வீதியால் சரக்கு அதிகம் வரும் நாட்களிலேயே கணக்கை மூட வேண்டியிருக்கிறது. களஞ்சியம் நிரம்பியிருக்கும், கடன்கொடுத்தோர் மீதி உச்சத்தில் நிற்கும், லொறிகளும் வழியில் இருக்கும். இந்த அத்தியாயத்தின் உதாரணம் அப்படியான ஒரு கடை. சுன்னாகத்தில் மொத்தமும் சில்லறையுமாகப் பலசரக்கு விற்கும் ஒரு தனி வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக அமைத்தவை.

கையில் கிடைத்த கணக்கு

2025 மார்ச் 31 இல் முடிந்த ஆண்டுக்குக் கடையின் கணக்குப்பிள்ளை தயாரித்தது இது (ரூபாவில்):

| விபரம் | தொகை |
|---|---:|
| ஆரம்ப இருப்பு | 2,400,000 |
| கொள்வனவு | 25,900,000 |
| கழிக்க: வெளித்திரும்பல் | (200,000) |
| காவு கூலி | 1,300,000 |
| விற்பனைக்கு இருந்த பொருளின் கிரயம் | 29,400,000 |
| கழிக்க: இறுதி இருப்பு | (1,800,000) |
| விற்பனைக் கிரயம் | 27,600,000 |

விற்பனை 30,000,000. மொத்த இலாபம் 2,400,000, அதாவது விற்பனையில் 8 சதவீதம். முந்திய ஆண்டில் இது 11.8 சதவீதமாக இருந்தது.

விலையையோ வியாபாரப் போக்கையோ மாற்றாத கடையில் இந்த வீதம் ஒரே ஆண்டில் இவ்வளவு இறங்குவது அரிது. ஆனாலும் வீதம் குறைந்துவிட்டது என்பதற்காக எந்தத் தொகையையும் மாற்றக்கூடாது. முதலில் முதலாளியிடம் கேளுங்கள். மொத்த விற்பனை கூடியதா? பக்கத்தில் புதுக் கடை வந்து விலையைக் குறைக்க வேண்டி வந்ததா? அப்படி எதுவும் இல்லை என்றால் நான்கு தொகைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

இறுதி இருப்பு இன்னொரு குறிப்பையும் தருகிறது. புத்தாண்டுக்காகச் சரக்கு ஏற்றிய கடையின் இறுதி இருப்பு, ஆரம்ப இருப்பைவிட ஆறு இலட்சம் குறைந்திருக்கிறது. சென்ற ஆண்டும் இதே காலத்தில்தான் எண்ணினார்கள். இது இயல்பாகத் தெரியவில்லை.

முதற்படி: ஆரம்ப இருப்பு

சென்ற ஆண்டுக் கணக்கின் இறுதி இருப்பே இந்த ஆண்டின் ஆரம்ப இருப்பு. முந்திய ஐந்தொகையை எடுத்து ஒப்பிடுங்கள். இறைவரித் திணைக்களத்துக்குக் கொடுத்த கணக்கில் உள்ள தொகையோடு ஒப்பிட வேண்டும், கடைக் கொப்பியில் உள்ளதோடு அல்ல. சில கடைகளில் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

தொகை பொருந்தினாலும் இங்கே நிறுத்தக்கூடாது. சென்ற ஆண்டின் இருப்புப் பட்டியலில் நாலைந்து பொருளைத் தெரிந்து, அவற்றுக்கு இட்ட அலகு விலையை அக்காலப் பில்லோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் உள்ள விலை பில் விலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் காவு கூலியும் சேர்த்து மதிப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் உதாரணக் கடையில் 24 இலட்சம் ஐந்தொகையோடு பொருந்துகிறது, கூலியும் சேர்ந்தே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இறுதி இருப்பைப் பார்க்கும்போது தேவைப்படும்.

இரண்டாம்படி: கொள்வனவு

கொள்வனவுத் தொகையை வேறு வழியால் ஒருமுறை கட்டிப் பார்க்கலாம். கொடுத்த பணமும் கொடுக்கவேண்டிய பணமும் தெரிந்தால் வாங்கியது தெரிந்துவிடும். கடன்கொடுத்தோருக்கு ஆண்டுக்குள் செலுத்தியது 24,300,000. ஆண்டு முடிவில் அவர்களுக்குச் செலுத்த வேண்டியது 4,400,000. திருப்பி அனுப்பிய பொருள் 200,000. இவற்றின் கூட்டுத்தொகை 28,900,000. ஆண்டின் தொடக்கத்தில் இருந்த கடன் மீதி 3,000,000 ஐக் கழித்தால் 25,900,000. புத்தகத்தில் உள்ள கொள்வனவோடு இது பொருந்துகிறது. காசுக்கு வாங்கியதும் பெற்ற காசுக் கழிவும் இருந்தால் அவற்றையும் இக்கணக்கில் கூட்ட வேண்டும்.

இந்தக் கணக்குப் பொருந்தாமல் போகப் பொதுவான காரணம் பின்திகதியிட்ட காசோலை. புறக்கோட்டை வியாபாரிகளிடம் பெரும்பாலான கொள்வனவு அப்படித்தான் நடக்கிறது. காசோலையை எழுதிக் கொடுத்த அன்றே கடன் தீர்ந்ததாகச் சிலர் பதிகிறார்கள். சிலர் வங்கியில் காசு போன பிறகே பதிகிறார்கள். ஒரே புத்தகத்தில் இரண்டு முறையும் கலந்தால் கடன் மீதி பிழைக்கும், அதிலிருந்து கட்டிய கொள்வனவும் பிழைக்கும்.

மொத்தம் சரியென்றாலும், அந்தத் தொகைக்குள் இருப்பவை இந்த ஆண்டுக்குரிய விற்பனைச் சரக்குத்தானா என்பது வேறு கேள்வி. அதற்கு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது எல்லைத் திகதி. மார்ச் கடைசி வாரப் பில்களையும் ஏப்ரல் முதல் வாரப் பில்களையும் எடுத்து, ஒவ்வொன்றோடும் லொறிக்காரர் கொடுத்த துண்டை வைத்துப் பாருங்கள். பில்லில் இருப்பது வியாபாரி எழுதிய திகதி. பொருள் வந்த திகதி லொறித் துண்டிலும் களஞ்சியக் கொப்பியிலும் இருக்கும். எங்கள் கடையில் மார்ச் 30 திகதியிட்ட 600,000 ரூபா பில் ஒன்று மார்ச் கொள்வனவில் பதிவாகியிருந்தது. சரக்குச் சுன்னாகத்தில் இறங்கியது ஏப்ரல் 2 ஆம் திகதி. மார்ச் 31 மாலை எண்ணியவர்கள் களஞ்சியத்தில் கண்டதையே எண்ணினார்கள். ஆக அந்த ஆறு இலட்சம் வாங்கியதில் இருக்கிறது, இருப்பில் இல்லை. விற்றதாகப் போய்விட்டது.

இதைத் திருத்தும் முறை, வழியில் சரக்கு யாருடையது என்பதைப் பொறுத்தது. கடைக்காரர் அமர்த்திய லொறியில் புறக்கோட்டையில் ஏற்றிய பின் பொறுப்பு அவருடையது என்றால் கொள்வனவு சரி, வழியிலுள்ள சரக்கு என்று இறுதி இருப்பில் 600,000 ஐச் சேர்க்க வேண்டும். விற்றவரே கடை வாசலில் இறக்கித் தர வேண்டும் என்றால் அந்தப் பில்லைக் கொள்வனவிலிருந்தும் கடனிலிருந்தும் நீக்க வேண்டும். இரண்டு வழியிலும் விற்பனைக் கிரயம் ஆறு இலட்சத்தால் குறையும், ஐந்தொகை மட்டும் மாறும். எங்கள் கடை தானே லொறி பிடித்தது, எனவே முதல் வழி.

இரண்டாவது வீட்டுக்கு எடுத்த பொருள். அரிசி, மா, சவர்க்காரம் கடையிலிருந்தே வீட்டுக்குப் போவது எங்கும் நடப்பது. அதைக் கிரய விலையில் கொள்வனவிலிருந்து கழித்து முதலாளியின் எடுப்பனவில் பதிய வேண்டும். கடையில் இதற்கென்று ஒரு கொப்பி இருந்தது, மாதம் சராசரி 10,000 ரூபாவாக ஆண்டுக்கு 120,000. கணக்கில் அது ஏறவில்லை.

மூன்றாவது பெறுமதிசேர் வரி. 2024 ஜனவரி 1 முதல் அதன் வீதம் 18 சதவீதம். வரிக்குப் பதிவுசெய்த கடை உள்ளீட்டு வரியை மீளப் பெறும். அதனால் அந்த வரி கிரயத்தில் சேராது. பதிவில்லாத கடைக்கு அது திரும்பி வராது, எனவே கிரயத்தின் பகுதி. பதிவுசெய்த கடையில் சில பில்கள் வரியுடனும் சில வரியில்லாமலும் பதிந்திருந்தால் கொள்வனவும் இருப்பும் வேறு வேறு அடிப்படையில் நிற்கும். எங்கள் உதாரணக் கடை பதிவில்லாதது, இந்தத் திருத்தம் அதற்கு இல்லை.

மூன்றாம்படி: காவு கூலி

பொருளை விற்பனைக்கு உரிய இடத்துக்கும் நிலைக்கும் கொண்டுவர ஆன செலவு கிரயத்தில் சேரும் என்பது இலங்கைக் கணக்கீட்டு நியமம் 2 இன் விதி. லொறி வாடகை, புறக்கோட்டையில் ஏற்றிய நாட்டாமைக் கூலி, சுன்னாகத்தில் இறக்கிய கூலி, வழிக் காப்புறுதி இருந்தால் அது, எல்லாம் உட்காவு கூலி. பொருள் விற்ற பின் வாடிக்கையாளரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு வெளிக்காவு கூலி. அது விநியோகச் செலவு, விற்பனைக் கிரயத்துக்குள் வரக்கூடாது. களஞ்சிய வாடகையும் பொதுவாக வராது.

குடாநாட்டில் இந்தச் செலவு எவ்வளவு பெருக்கும் என்பதைப் பழைய புத்தகங்களில் காணலாம். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 மூடப்பட்டபின் சரக்கு கப்பலில் வந்தது. துறைமுகத்தில் ஏற்றி, இறக்கி, மறுபடி லொறியில் ஏற்றிய செலவெல்லாம் ஒவ்வொரு மூட்டையிலும் சேர்ந்தது. அந்நாளைய கடை ஒன்று காவு கூலியைக் கிரயத்தில் சேர்க்காமல் விட்டிருந்தால் அதன் மொத்த இலாபம் பொய்யாகப் பெருத்துத் தெரிந்திருக்கும்.

இன்றைய பிழை பெரும்பாலும் மறுபக்கமானது, எல்லா லொறிச் செலவும் ஒரே பேரேட்டில் விழுவது. காவு கூலிக் கணக்கின் ஒவ்வொரு பதிவுக்கும் பற்றுச்சீட்டை எடுத்து, எங்கிருந்து எங்கே என்று மட்டும் குறியுங்கள். கொழும்பிலிருந்தோ தம்புள்ளையிலிருந்தோ சுன்னாகம் என்றால் உள்ளே. சுன்னாகத்திலிருந்து கொடிகாமம், பருத்தித்துறை, நெல்லியடி என்றால் வெளியே. இப்படிப் பிரித்ததில் 13 இலட்சத்தில் 296,000 சிறு கடைகளுக்கு இறக்கிக் கொடுத்த செலவு என்று தெரிந்தது. மிச்சம் 1,004,000 உட்காவு கூலி.

பிரித்த தொகை நியாயமானதா என்று பார்க்க ஒரு விகிதம் உதவும். ஆண்டுக்குள் கடைக்கு வந்து சேர்ந்த கொள்வனவு, அதாவது 25,900,000 இலிருந்து வழியில் நின்ற 600,000 ஐயும் திருப்பிய 200,000 ஐயும் கழித்தது, 25,100,000. அதற்கு 1,004,000 என்பது சரியாக 4 சதவீதம். சென்ற ஆண்டு விகிதத்தோடு ஒப்பிடுங்கள், ஆனால் எரிபொருள் விலையை மறந்து ஒப்பிடாதீர்கள். 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல் 2022 ஜூன் இறுதியில் 460 ரூபா. அந்தக் காலத்துக் கணக்கில் விகிதம் ஏறாமல் இருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். அப்போதெல்லாம் மாதவாரியாகப் பார்ப்பதே பயன் தரும்.

நான்காம்படி: இறுதி இருப்பு

நான்கு தொகைகளில் மற்ற மூன்றுக்கும் பில்லும் பற்றுச்சீட்டும் உண்டு. இறுதி இருப்புக்கு உள்ள சான்று கடைக்காரர் தாமே எழுதிய பட்டியல் மட்டும். ஆகவே மிகுந்த நேரம் இதற்கே போக வேண்டும்.

எண்ணிக்கையை முதலில் பாருங்கள். பட்டியலிலிருந்து சில பொருளைத் தெரிந்து களஞ்சியத்தில் தேடுங்கள். பிறகு களஞ்சியத்தில் கண்ணில் படும் சில பொருளைப் பட்டியலில் தேடுங்கள். முதல் வழி இல்லாததை எழுதியதைக் காட்டும், இரண்டாவது இருப்பதை எழுதாமல் விட்டதைக் காட்டும். வருமானத்தைக் குறைக்க விரும்பும் கடையில் இரண்டாவது வழியே பிழையைப் பிடிக்கும். கடைக்குப் பின்னாலுள்ள அறை, வீட்டு விறாந்தை, வாடகைக்கு எடுத்த இரண்டாவது களஞ்சியம் எல்லாம் எண்ணப்பட்டனவா என்று கேளுங்கள்.

அடுத்தது விலை. எங்கள் கடையின் 18 இலட்சப் பட்டியலில் எல்லாப் பொருளுக்கும் பில் விலை இட்டிருந்தார்கள். காவு கூலி சேர்க்கப்படவில்லை. ஆண்டு முழுவதன் கூலியும் செலவில் நிற்க, விற்காத பொருளுக்குரிய கூலியும் விற்ற பொருளின் தலையில் ஏறிவிட்டது. ஆரம்ப இருப்பில் கூலி சேர்ந்திருந்தது என்பதால் இரண்டு முனையும் வேறு வேறு முறையில் நிற்கின்றன. நான்கு சதவீத விகிதத்தில் 72,000 ரூபா சேர்க்க வேண்டும். வழியிலுள்ள சரக்கின் கூலி மார்ச் கணக்கில் ஏறவில்லை, ஆகவே அதற்கு இதைச் சேர்க்கத் தேவையில்லை. அதைச் செலுத்தவேண்டிய செலவாகவும் இருப்பிலும் ஒருசேர எழுதினாலும் விற்பனைக் கிரயம் மாறாது.

நான்கு சதவீதம் என்பது சராசரி. லொறிக்காரர் மூட்டைக்கு வாங்குகிறார், விலைக்கு அல்ல. பில்லில் 11,500 ரூபாவான 50 கிலோ சீனி மூட்டைக்கு ஏற்றி இறக்க எல்லாமாக 350 ரூபா என்றால் அது 3 சதவீதம். தவிடு போன்ற மலிவான பாரப் பொருளுக்கு விகிதம் இதைவிட வெகுவாகக் கூடும், வாசனைச் சவர்க்காரப் பெட்டிக்குக் குறையும். இருப்பில் பலவகைச் சரக்கும் கலந்திருந்தால் சராசரி போதும். களஞ்சியத்தில் பாதி தவிடும் புண்ணாக்கும் என்றால் மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாகக் கணக்கிடுங்கள்.

கடைசியாக, கிரயத்தைவிடக் குறைவாகவே விற்கக்கூடிய பொருளைத் தனியே பிரியுங்கள். விற்கும் விலையிலிருந்து விற்க ஆகும் செலவைக் கழித்தால் வரும் தொகை கிரயத்தைவிடக் குறைவென்றால் அந்தக் குறைந்த தொகையே இருப்பின் பெறுமதி. கப்பலில் உயர்ந்த கூலிக்கு வந்த சரக்கு களஞ்சியத்தில் கிடக்க, வீதி திறந்து புதுச் சரக்கு மலிவாக வந்திறங்கினால் பழைய சரக்குக்கு இதுதான் நேரும். இன்று திகதி நெருங்கிய பால்மா பக்கெற்றுக்கும் அதே விதி.

ஐந்தாம்படி: ஒரு பொருளை மூட்டைக் கணக்கில் பார்த்தல்

ரூபாவில் மட்டும் சோதித்தால் விலைப் பிழையும் எண்ணிக்கைப் பிழையும் ஒன்றையொன்று மறைக்கும். அதனால் வேகமாக நகரும் ஒரு பொருளை எடுத்து மூட்டையிலேயே கணக்கிடுங்கள். எங்கள் கடையில் அது சீனி.

ஆரம்பத்தில் 40 மூட்டை இருந்தது. பில்களின்படி வாங்கியது 1,300. முடிவில் எண்ணியது 60. ஆகவே கடையை விட்டுப் போனது 1,280 ஆக இருக்க வேண்டும். விற்பனைப் பில்களைக் கூட்டினால், கிலோவாக விற்றதையும் மூட்டையாக்கிச் சேர்த்து, 1,264 மட்டும் வருகிறது. 16 மூட்டைக்கு விளக்கம் வேண்டும்.

மார்ச் 30 பில்லில் 10 மூட்டைச் சீனி இருக்கிறது, அவை லொறியில் நின்றவை. வீட்டுக் கொப்பியில் ஆண்டு முழுவதும் 4 மூட்டை அளவு எடுத்திருக்கிறார்கள். மிஞ்சியது 2 மூட்டை, அதாவது 100 கிலோ. விற்ற 63,200 கிலோவில் இது 0.16 சதவீதம். சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் கடையில் இவ்வளவு சிந்தலும் நிறைக் குறைவும் இயல்பு, அதை விற்பனைக் கிரயத்திலேயே விட்டுவிடலாம்.

மிச்சம் 2 க்குப் பதில் 40 மூட்டையாக இருந்தால் கதை வேறு. பில் போடாமல் விற்றிருக்கலாம், திருட்டுப் போயிருக்கலாம், வந்து சேராத மூட்டைக்குப் பணம் கொடுத்திருக்கலாம். மழையில் அழிந்திருக்கவும் கூடும். 2024 நவம்பர் இறுதியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வெள்ளம் வந்தபோது நனைந்த சரக்கு இருந்தால், அது இந்த ஆண்டுக் கணக்கில் படும். அப்படி அசாதாரணமாக அழிந்ததை விற்பனைக் கிரயத்துக்குள் கரைய விடாமல் தனி நட்டமாகக் காட்டுங்கள், படமும் திகதியும் காப்புறுதிக் கடிதமும் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் மொத்த இலாப வீதம் அடுத்த ஆண்டுச் சோதனைக்கும் உதவாது.

திருத்திய கணக்கு

| விபரம் | தொகை |
|---|---:|
| கணக்குப்பிள்ளையின் விற்பனைக் கிரயம் | 27,600,000 |
| வழியிலுள்ள சரக்கு | (600,000) |
| வீட்டுக்கு எடுத்தது | (120,000) |
| வெளிக்காவு கூலி | (296,000) |
| இறுதி இருப்புக்குரிய உட்காவு கூலி | (72,000) |
| திருத்திய விற்பனைக் கிரயம் | 26,512,000 |

மொத்த இலாபம் இப்போது 3,488,000. விற்பனையில் 11.6 சதவீதம். சென்ற ஆண்டின் 11.8 க்கு அருகே வந்துவிட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனிச் சான்று இருப்பதால்தான் இந்த நெருக்கம் நம்பத்தக்கது, வீதத்தை எட்டுவதற்காகத் தொகை தேடியிருந்தால் அது எதையும் நிரூபிக்காது.

எல்லாத் திருத்தமும் தேறிய இலாபத்தைக் கூட்டுவதில்லை. வெளிக்காவு கூலி 296,000 விநியோகச் செலவுக்கு இடம் மாறியது மட்டும். மற்ற மூன்றும் சேர்ந்து 792,000 ஆல் இலாபத்தைக் கூட்டும், வரி அந்த அளவுக்கு மாறும்.

இறுதி இருப்பில் விட்ட 672,000 அடுத்த ஆண்டின் ஆரம்ப இருப்பாகவும் குறைந்தே போயிருக்கும். அந்த ஆண்டின் விற்பனைக் கிரயம் அதே அளவு குறைந்து இலாபம் அதே அளவு கூடியிருக்கும். இரண்டு ஆண்டும் சேர்த்தால் சமன்தானே என்று சிலர் சொல்வார்கள். வரி ஆண்டுக்கு ஆண்டு கணிக்கப்படுகிறது, வீதப் படிகளும் ஆண்டுக்குரியவை. வங்கிக் கடனுக்குக் கொடுக்கும் கணக்கும் ஓர் ஆண்டின் கணக்கே.

கோப்பில் வைக்க வேண்டியவை

1. சென்ற ஆண்டு ஐந்தொகையும் அதன் இருப்புப் பட்டியலும், அலகு விலை எப்படி வந்தது என்ற குறிப்புடன்.
2. மார்ச் 20 முதல் ஏப்ரல் 10 வரையான பில்கள், ஒவ்வொன்றோடும் லொறித் துண்டு இணைத்து. பொருள் இறங்கிய திகதியைப் பில்லிலேயே கையால் எழுதி ஒப்பமிடுங்கள்.
3. காவு கூலிப் பட்டியல், உள்ளே வெளியே என்று பிரித்து.
4. எண்ணியவர், எழுதியவர் இருவரும் ஒப்பமிட்ட இருப்புப் பட்டியல், எண்ணிய இடங்களின் பெயருடன்.
5. ஒரு பொருளின் மூட்டைக் கணக்கு.

இவற்றில் இரண்டாவதையும் நான்காவதையும் பின்னர் தேடி எடுக்க முடியாது. லொறித் துண்டு சில கிழமையில் தொலைந்துவிடும், புத்தாண்டு வியாபாரம் தொடங்கினால் மார்ச் 31 இல் இருந்த களஞ்சியமும் போய்விடும். ஆகவே இந்த இரண்டையும் ஏப்ரல் முதல் வாரத்துக்குள் முடித்துவிட்டு, மற்ற மூன்றையும் ஆறுதலாகச் செய்யுங்கள்.